வீட்டிலா, சானடோரியத்திலா?

நேயர்களுக்கு வணக்கம். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தைத் தெரியாத சென்னைவாசி இருக்க மாட்டார். காசநோய் வந்தால் மாதக்கணக்கில் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுத்துத்தான் தீர வேண்டும் என்றிருந்த காலத்தில், 1956இல் இந்நகரில் ஓர் ஆய்வு தொடங்கியது. வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதாதா என்பதுதான் கேள்வி. முடிவு 1959இல் வெளியானது. பொதுக்கூட்டங்களில் ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது நான் அடிக்கடி எடுத்துக்கொள்வது இதைத்தான்.

193 நோயாளிகள். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதைக் குலுக்கல் முடிவுசெய்தது. "உயிர் விஷயத்தில் குலுக்கலா?" என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் அதை முதலிலேயே சொல்கிறேன். மருத்துவரே பிரித்திருந்தால், நோய் முற்றியவர்களைத்தானே சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்? அப்புறம் வீட்டு சிகிச்சை நன்றாக இருப்பதுபோல் தோன்றும். இதைச் சொன்னதும் கேட்டவரே தலையாட்டுகிறார்.

ஓராண்டு கழித்து, நோய் அடங்கியவர்கள் வீட்டில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் 92. "இரண்டும் சமம்" என்று முடித்துவிட ஆசை வரும். அது சரியில்லை. பிரிவுக்கு நூறு பேர்கூட இல்லாதபோது நூற்றுக்கு ஆறு பேர் வித்தியாசம் தற்செயலாகவும் வரும். உண்மையில் சானடோரியம் நூற்றுக்குப் பதினைந்து பேர் வரை கூடுதலாகக் குணப்படுத்தியிருக்கலாம். அதையும் இந்த எண்ணிக்கையை வைத்து மறுக்க முடியாது. "வீட்டிலேயே பெரும்பாலோர் குணமானார்கள், சானடோரியம் கொஞ்சம் மேலா என்பது இதில் தெரியாது" என்று சொல்லுங்கள். கேட்பவருக்குப் புரியும், பொய்யும் இல்லை.

மிக முக்கியமான வரம்பு வேறு. "வீட்டு சிகிச்சை" என்றதும் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மருந்து இலவசம். சொல்லாமல் கொள்ளாமல் ஊழியர் வீட்டுக்கு வந்து மீதி மாத்திரைகளை எண்ணுவார். சாப்பிட்டாரா என்று சிறுநீரையும் சோதிப்பார்கள். இந்த 86 என்பது அத்தனை கவனிப்பும் சேர்ந்து கிடைத்த எண்.

பலர் இதைக் கடைசி நிமிடத்துக்கு ஒதுக்கி, "சில வரம்புகள் உண்டு" என்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எண்ணைச் சொன்ன அடுத்த மூச்சிலேயே சொல்ல வேண்டியது இது. கூட்டம் நிமிர்ந்து உட்காருவதும் இங்கேதான், ஏனென்றால் மாத்திரை எண்ணுகிற ஊழியரை எவராலும் கற்பனை செய்ய முடிகிறது. உடனே கேள்வி வரும்: "வீட்டுக்கு வந்து பார்க்க ஆளில்லாத ஊரில்?" இந்த ஆய்வில் அதற்குப் பதில் இல்லை என்று சொல்லிவிடுவேன். இந்த ஆய்வை நடத்திய அதே சென்னை ஆய்வு நிலையம் பிற்பாடு, வாரம் இரண்டே முறை, ஊழியர் கண்முன்னே மருந்து கொடுத்துப் பார்த்தது என்பதை அதற்கப்புறம் சொல்வேன்.