ஒற்றைக் கோடு வைஃபை

வணக்கம் நேயர்களே. என் வீட்டுக் கடைசி அறையில் கட்டிலில் சாய்ந்தபடி ஒரு வீடியோவை அனுப்பிக்கொண்டிருந்தேன். நாற்பது சதவீதத்தில் நின்றுவிட்டது. மேலே வைஃபை அடையாளத்தில் ஒரு கோடு. சிறிது நேரத்தில் அது மறைந்து 4ஜி வந்தது. மறுபடி வைஃபை. வீடியோ மட்டும் நகரவே இல்லை.

இரண்டு இணைப்பு இருந்தும் ஏன் நிற்கிறது? வைஃபையில் இருக்கும்போது போனுக்கு ஒரு முகவரி, மொபைல் டேட்டாவில் வேறொரு முகவரி. ஆப் எதிர்முனை சர்வரோடு பேசத் தொடங்கியது முதல் முகவரியில். பாதியில் முகவரி மாறினால் பழைய பேச்சு அறுந்துபோகும். அதைவிட மோசம், அறுந்தது ஆப்புக்கு உடனே தெரியாமல் போவது. பதில் வரவில்லையே என்று அதே தகவலை மறுபடி அனுப்பிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் காத்திருப்பு இரட்டிப்பாகும்: ஒரு வினாடி, இரண்டு, நான்கு, எட்டு என்று. நாம் பார்க்கும் அந்தச் சுழலும் வட்டம் பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான். நன்றாக எழுதிய ஆப் உடனே புது இணைப்பைத் திறந்துவிடும். எல்லா ஆப்பும் அப்படி இல்லை.

முகவரி மாறினாலும் பேச்சு அறாமல் தொடர வழி செய்யும் குயிக் என்ற நெறிமுறை 2021-இல் தரமாக்கப்பட்டது. ஆனால் ஆப், சர்வர் இரண்டு பக்கமும் அந்த வசதியைப் பயன்படுத்தினால்தான் பலன்.

இன்னொரு சங்கதி. அந்த ஒற்றைக் கோடு, ரௌட்டர் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. போனின் குரல் பொதுவாக ரௌட்டரைவிடச் சின்னது. அது பேசுவது அங்கே கேட்கிறதா என்பதைக் கோடு சொல்லாது. அதனால்தான் கோடு இருந்தும் பக்கம் திறக்காமல் நிற்கிறது.

சரி, நம் போனில் இதுதான் கோளாறா என்று எப்படி அறிவது? அதே இடத்தில் உட்கார்ந்து வைஃபையை மட்டும் அணைத்துவிட்டுப் பாருங்கள். எல்லாம் ஓடினால் மொபைல் டேட்டா நலம். அப்புறம் வைஃபையைப் போட்டு மொபைல் டேட்டாவை அணையுங்கள். மெதுவாகவாவது நிற்காமல் ஓடினால், குற்றம் இரண்டுக்கும் இடையே தாவுவதில்தான். அப்போதும் நின்று நின்று வந்தால் வைஃபையே அங்கே எட்டவில்லை.

என் வீட்டில் இரண்டாவதுதான். போன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தது. அது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4-க்கு மாற்றியதும் அந்த அறையில் வைஃபை நிலையாக நின்றது, தாவலும் நின்றது. மாற்ற வழியில்லாதவர்கள் அந்த அறையில் வைஃபையை அணைத்து வைக்கலாம். ஐபோனில் மொபைல் டேட்டா அமைப்புகளின் அடியில் Wi-Fi Assist என்று ஒன்று உண்டு. வைஃபை சோர்ந்தால் டேட்டாவுக்குத் தாவ வைப்பது அதுதான். அதை அணைத்தால் தாவல் குறையும். ஆனால் சோர்ந்த வைஃபையிலேயே போன் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றி, வணக்கம்.