253 இணைகளும் ஹாஷின் இருமடங்கு நீளமும்

நேயர்களுக்கு வணக்கம். ஓர் அறையில் 23 பேர் கூடியிருந்தால், அவர்களில் யாரேனும் இருவருக்குப் பிறந்த நாளும் மாதமும் ஒன்றாக அமைந்திருக்கும் வாய்ப்பு 50.7 விழுக்காடு. பிப்ரவரி 29-ஐ விட்டுவிட்டு, 365 நாள்களிலும் பிறப்புகள் சமமாக நிகழ்வதாகக் கொண்டு போடப்படும் கணக்கு இது. முதல்முறை கேட்பவர்கள் இதை நம்புவதில்லை. ஏறத்தாழ 180 பேராவது வேண்டாமா என்பார்கள்.

நம்பிக்கை வராததற்குக் காரணம், கேட்பவர் தம்மையறியாமல் வேறொரு கேள்விக்கு விடை தேடுவதுதான். ‘என் பிறந்த நாளில் பிறந்த இன்னொருவர் இங்கே இருக்கிறாரா?’ என்பது அந்தக் கேள்வி. அதற்குப் பாதி வாய்ப்பு கிடைக்க வேண்டுமானால், உங்களைத் தவிர 253 பேர் தேவை. ஆனால் நாம் கேட்டது ‘யாரேனும் இருவர்’ என்று. 23 பேரில் ஒவ்வொருவரையும் மற்ற 22 பேரோடு ஒப்பிட்டு, ஒரே இணையை இருமுறை எண்ணாமல் பாதியாக்கினால் வருவதும் அதே 253 தான். இரண்டு இடத்திலும் ஏறக்குறைய 253 ஒப்பீடுகள் நடக்கின்றன. ஒவ்வொன்றும் பொருந்தும் வாய்ப்பு 365-இல் ஒன்று. முதல் கேள்வியில் ஒப்பீட்டுக்கு ஓர் ஆள் வீதம் தேவைப்படுகிறது. இரண்டாவதில் 23 பேரே அத்தனை ஒப்பீடுகளையும் தந்துவிடுகிறார்கள். இணைகளின் எண்ணிக்கை ஆள்களின் எண்ணிக்கையினுடைய வர்க்கத்தை ஒட்டி வளர்வதால், தேவைப்படும் ஆள்களின் எண்ணிக்கை மொத்த நாள்களின் வர்க்கமூலத்தை ஒட்டி அமைகிறது. 365-இன் வர்க்கமூலம் 19-க்குச் சற்று மேல். அதை ஏறத்தாழ 1.18-ஆல் பெருக்கினால் 22-க்கும் 23-க்கும் இடையில் வந்து நிற்கிறோம்.

இனி ஹாஷ். எவ்வளவு நீளமான ஆவணத்தைக் கொடுத்தாலும் குறிப்பிட்ட நீளமுள்ள ஒரு சுருக்க எண்ணைத் தருகிற சார்பு அது. டிஜிட்டல் கையொப்பம் இடும்போது, பெரும்பாலும் ஆவணத்துக்கு நேராக அல்லாமல் அதன் ஹாஷ் எண்ணுக்கே கையொப்பம் இடப்படுகிறது. ஆகவே இரண்டு ஆவணங்களுக்கு ஒரே ஹாஷ் அமைந்துவிட்டால், ஒன்றுக்கு இட்ட கையொப்பம் மற்றதற்கும் செல்லும். இதைத்தான் மோதல் என்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். ஹாஷின் நீளம் 64 பிட் என்றும், ஒரு கணினி நொடிக்கு 100 கோடி ஹாஷ்களைக் கணக்கிடும் என்றும் வைத்துக்கொள்வோம். இன்றைய நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று இதைவிடக் கூடுதலாகவே செய்யும். ஏற்கெனவே கையொப்பமான ஒரு கிரைய ஒப்பந்தத்தின் ஹாஷுக்குப் பொருந்துமாறு போலி ஒப்பந்தம் ஒன்றை உருவாக்க ஒருவர் முயன்றால், அவர் ஏறத்தாழ 2-இன் 64-ஆம் அடுக்கு முறை முயல வேண்டும். அந்த வேகத்தில் இதற்கு 585 ஆண்டுகள் ஆகும்.

ஆனால் ஒப்பந்தத்தை எழுதித் தருபவரே மோசடிக்காரராக இருந்தால் நிலைமை வேறு. கிதியோன் யுவால் என்பவர் 1979-இலேயே இந்த வழியைக் காட்டிவிட்டார். மோசடிக்காரர் இரண்டு வரைவுகளைத் தயாரிக்கிறார்: ஒன்றில் விலை 50 லட்சம், மற்றதில் 5 லட்சம். ஒவ்வொரு வரைவிலும் பொருள் மாறாமல் மாற்றத்தக்க 32 இடங்களைத் தேர்ந்துகொள்கிறார். ஓரிடத்தில் ‘மேற்படி’ அல்லது ‘மேற்கண்ட’, இன்னோரிடத்தில் ‘ரூபாய்’ அல்லது ‘ரூ.’, வேறோரிடத்தில் ஓர் இடைவெளி அல்லது இரண்டு. நம் பத்திரங்களின் நடை இதற்கென்றே அமைந்தது போலிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இடத்துக்கு இரண்டு தேர்வு என்றால், ஒவ்வொரு வரைவிலும் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 430 கோடி வடிவங்கள் கிடைக்கின்றன. இரு தொகுதிகளையும் கணக்கிட்டு முடிக்க 9 நொடிகூட ஆகாது. ஆனால் அவற்றை ஒன்றோடொன்று இணைத்தால் கிடைக்கும் இணைகள் 2-இன் 64-ஆம் அடுக்கு. அவற்றில் ஒன்றாவது பொருந்தும் வாய்ப்பு 63 விழுக்காடு. பொருந்தாவிட்டால் இன்னோர் இடத்தை மாற்றக்கூடியதாக ஆக்கினால் போதும். பொருந்திய இணையில் 50 லட்சம் என்றிருக்கும் வடிவத்தைக் கையொப்பத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றதைத் தம்மிடம் வைத்துக்கொள்வார்.

585 ஆண்டு வேலை சில நொடி வேலையானது இணைகளால்தான். வர்க்கமூலம் எடுப்பது பிட் கணக்கில் அடுக்கெண்ணைப் பாதியாக்குவதற்குச் சமம். எனவே ஹாஷின் நீளத்தில் ஒரு பிட் கூட்டினால் மோதல் தேடுபவரின் வேலை 1.4 மடங்குதான் கூடும். இருமடங்காக்க 2 பிட் கூட்ட வேண்டும். தாக்குபவர் 2-இன் 128-ஆம் அடுக்கு அளவு உழைக்க வேண்டும் என்பது நம் நோக்கமானால், ஹாஷுக்கு 256 பிட் தேவை.

இவ்வளவு ஹாஷ்களையும் சேமிக்க நினைவகம் எங்கே என்று கேட்கலாம். நம் எடுத்துக்காட்டில் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 50 ஜிபி போதும். நீளமான ஹாஷ்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு ஹாஷின் விடையையே அடுத்த ஹாஷுக்கு உள்ளீடாகக் கொடுத்துக்கொண்டே போனால், அந்தத் தொடர் எப்போதாவது பழைய எண்ணொன்றில் வந்து விழுந்து சுற்றத் தொடங்கும்; அது விழும் இடமே மோதல். 1994-இல் வான் ஊர்ஷாட், வீனர் ஆகிய இருவரும், பூச்சியங்களில் தொடங்கும் எண்கள் போன்ற சிலவற்றை மட்டும் சேமித்து, இத்தேடலைப் பல பொறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்று விளக்கினார்கள். அதன் பிறகு 128 பிட் ஹாஷ் போதும் என்று நிம்மதியாக இருக்க இடமில்லை.

தரநிலைகளின் பெயர்களிலேயே இந்த இருமடங்கைக் காணலாம். 2001-இல் அமெரிக்கத் தரநிலையான ஏஇஎஸ் மறையாக்கத்தின் சாவி நீளங்கள் 128, 192, 256 பிட். சாவியை ஒவ்வொன்றாக முயன்று தேடுபவருக்கு இணைகள் உதவுவதில்லை; அதன் முழு நீளமும் தடை. 2002-இல் அந்நாட்டின் ஹாஷ் தரநிலையில் சேர்க்கப்பட்டவை எஸ்ஹெச்ஏ-256, எஸ்ஹெச்ஏ-384, எஸ்ஹெச்ஏ-512. ஒவ்வொன்றும் ஒரு சாவி நீளத்தின் இருமடங்கு.

இந்தக் கணக்கு குறையே இல்லாத ஹாஷுக்கான மேல்வரம்பு மட்டுமே. அமைப்பில் பலவீனம் இருந்தால் வேலை இன்னும் குறையும். 160 பிட் கொண்ட எஸ்ஹெச்ஏ-1-இல் மோதலுக்கு 2-இன் 80-ஆம் அடுக்கு வேலை தேவைப்பட்டிருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் கூகுளும் சேர்ந்து ஏறத்தாழ 63-ஆம் அடுக்கு வேலையிலேயே, ஒரே ஹாஷ் கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன.

இருமடங்கு எல்லா இடத்திலும் தேவைப்படுவதுமில்லை. இரண்டு ஆவணங்களையும் தாக்குபவரே தேர்ந்தெடுக்க முடிகிற இடத்தில்தான் பிறந்த நாள் கணக்கு செல்லுபடியாகும். நம்பகமான ஒருவர் முன்பே உருவாக்கி வெளியிட்ட கோப்பின் ஹாஷுக்கு எதிராகப் போலி செய்ய வருபவர், ‘என் பிறந்த நாள்’ கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார். அவருக்கு முழு நீளமும் தடை. யுவாலின் மோசடிக்காரரையும் அந்த நிலைக்குத் தள்ளலாம்: கையொப்பமிடுபவர், தமக்கு வந்த வரைவில் மோசடிக்காரர் எதிர்பாராத ஏதேனும் ஒரு சொல்லை மாற்றிவிட்டுக் கையொப்பமிட்டால், குறையற்ற ஹாஷில் அவர் தேடி வைத்திருந்த இணை பயனற்றுப்போய், நம் கணக்கில் அவர் மறுபடியும் 585 ஆண்டு வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.