மழை நின்ற பிறகும் மூழ்கிக் கிடந்த பாதை

நேயர்களுக்கு வணக்கம். இருபத்தைந்து வருடமாக ராமநாதபுரம் கடலோரத்தில் கட்டட ஒப்பந்த வேலை செய்து வருகிறேன். வெள்ளத்தால் வேலை நின்றுபோனால் ஒப்பந்ததாரர் கொடுக்க வேண்டிய நோட்டீஸைப் பற்றி இன்று பேசப்போகிறேன். ஒப்பந்தத்தில் இதற்கு ‘ஃபோர்ஸ் மஜூர்’ என்று ஒரு பிரிவு இருக்கும். யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத பெரிய இடையூறு என்று பொருள் கொள்ளலாம்.

சில வருடங்களுக்கு முன்னால் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், கடலை ஒட்டி ஒரு மீன் ஏலக்கூடம் கட்டிக்கொண்டிருந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். நடுவில் ஓர் ஓடை, அதன் மேல் தரைப்பாலம். வேலை நடந்த இடமோ மணல் மேடு. எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே தண்ணீர் நிற்காது. நவம்பர் 22 சாயங்காலம் பிடித்த மழை இரவு முழுக்கக் கொட்டியது. 23 காலையில் தரைப்பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை.

25ஆம் தேதியோடு மழை நின்றுவிட்டது. ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. நம் மாவட்டத்துக் கண்மாய்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடுத்தவை. மேலே இருக்கிற கண்மாய் நிரம்பி, கலுங்கு தாண்டி மறுகால் போனால் அடுத்த கண்மாய் நிரம்பும். அது நிரம்பி அதற்கடுத்தது. கடைசியில் எல்லாத் தண்ணீரும் கடலோர ஓடைக்குத்தான் வரும். ஓடை கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேவியிருந்தால், வந்த தண்ணீர் வெளியேறாமல் அங்கேயே தேங்கி நிற்கும். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் 25ஆம் தேதி கரையில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: “தம்பி, வானத்தப் பாக்காதீங்க. மேலக் கண்மாய் இன்னும் மறுகால் போகல. அது போனப்புறம்தான் இங்க நெசமான வெள்ளம்.” அவர் சொன்னபடியே 27ஆம் தேதி தண்ணீர் உச்சத்தைத் தொட்டது. அன்று வெயில் அடித்தது.

இந்த விஷயத்தில் பலரும் தவறுவது இங்கேதான். கால நீட்டிப்பு கேட்கும்போது மழை அளவுப் பட்டியலை மட்டும் இணைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பார்க்கிற பொறியாளர், “மழை மூன்று நாள்தானே, இருபத்தொரு நாள் எதற்கு?” என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான். நாம் நிரூபிக்க வேண்டியது மழையை அல்ல, பாதை அடைபட்டதை. இன்னொன்றும் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இங்கே பருவமழை பெய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் விலைப்புள்ளி போட்டோம். ஆகவே வழக்கமான மழை எதிர்பாராத இடையூறு ஆகாது. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் ஒரே நாளில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அது அதி கனமழை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழையைச் சாதாரணம் என்று யாரும் வாதிட முடியாது. அதற்குக் கீழே வருகிற மழைகளில்தான் வாதம் வரும்.

மழைப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். வானிலைத் துறையின் மழை நாள் காலை எட்டரை மணிக்கு முடிகிறது. 22ஆம் தேதி இரவு பெய்த மழை பட்டியலில் 23ஆம் தேதிக்கு எதிரே இருக்கும். இது தெரியாமல் நோட்டீஸில் ஒரு தேதியும் இணைப்பில் வேறொரு தேதியும் இருந்தால் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிடும். ஒரே ஒரு வரியில் விளக்கம் எழுதிவிட்டால் போதும்.

சரி, நோட்டீஸுக்கு வருவோம். எங்கள் ஒப்பந்தத்தில், இடையூறு தெரியவந்த 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. பெரிய திட்டங்களில் எடுத்தாளும் ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பின் ஒப்பந்த நிபந்தனைகளின் 1999 பதிப்பிலும் இதே 14 நாள்தான். இதற்கு முந்தைய ஒரு வேலையில் நான் இந்தக் கெடுவைத் தவறவிட்டிருக்கிறேன். தளப் பொறியாளரிடம் தினமும் போனில் பேசினேன், அவருக்கு எல்லாம் தெரியும், தண்ணீர் வடிந்ததும் மொத்தக் கணக்கோடு கடிதம் எழுதலாம் என்று இருந்துவிட்டேன். வடிவதற்குள் 14 நாள் கடந்துவிட்டது. அந்தக் கோரிக்கை முதல் பக்கத்திலேயே தள்ளுபடியாகி, தாமத அபராதம் முழுவதையும் கட்டினேன். போனில் சொன்னது நோட்டீஸ் ஆகாது. எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்த பிறகுதான் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை.

அதனால் இந்த முறை 25ஆம் தேதியே அனுப்பினேன். மின்னஞ்சலில் ஒன்று, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட முகவரிக்குப் பதிவு அஞ்சலில் ஒன்று. அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘நவம்பர் 23 காலை ஏழு மணியிலிருந்து, பணியிடத்துக்குச் செல்லும் ஒரே வண்டிப்பாதையான ஓடைத் தரைப்பாலம் வெள்ளத்தில் மூழ்கியுள்ளது. இதனால் தூண் கான்கிரீட் போடும் பணியைச் செய்ய இயலவில்லை. ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி இதைத் தெரிவிக்கிறோம். கம்பி வெட்டி வளைக்கும் பணி தளத்தில் தொடர்கிறது. மாற்றுப்பாதை பார்த்துக்கொண்டிருக்கிறோம். எத்தனை நாள் நீடிக்கும் என்பதை இப்போது கணிக்க இயலாது. ஏழு நாளுக்கு ஒருமுறை நிலவரம் தெரிவிப்போம்.’ எந்த வேலை நின்றது, எது நிற்கவில்லை என்று இரண்டையும் எழுதியது பின்னால் பெரிதும் உதவியது. எல்லாமே நின்றது என்று எழுதியிருந்தால், தளத்தில் கம்பி வளைத்த கூலிப் பதிவேடே எங்களுக்கு எதிராகப் பேசியிருக்கும்.

அப்புறம் பதிவுகள். தரைப்பாலத்தின் ஓரத்தில் இருந்த காப்புக்கல்லில் முதல் நாளே பாலத்தின் தளத்திலிருந்து சென்டிமீட்டர் கோடுகள் போட்டு வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டோம். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் சூப்பர்வைசர் போய்ப் பார்த்துப் படம் எடுப்பார். கல்லும் கோடும் பின்னால் இருக்கிற பனைமரமும் எல்லாப் படத்திலும் தெரியும்படி ஒரே இடத்தில் நின்று எடுக்கச் சொல்லியிருந்தேன். 23ஆம் தேதி 62 சென்டிமீட்டர். 27ஆம் தேதி 95. டிசம்பர் 6ஆம் தேதி 20. 11ஆம் தேதி பாலத்தின் மேல் தண்ணீரே இல்லை. அந்த அளவையும் அன்றன்று தடைப் பதிவேட்டில் எழுதி, பொறியாளரின் கையெழுத்துக்கு அனுப்பினோம். கிராம நிர்வாக அலுவலரிடம் பாதை மூழ்கியிருப்பதற்குச் சான்று வாங்கினோம்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எடுத்த நேரமும் இடமும் படத்துக்குள்ளிருந்து போய்விடும். மூலப் படம் எடுத்த போனிலேயே அழியாமல் இருக்க வேண்டும். வழக்கு என்று போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தர வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது என்று அதில் சொல்லியாக வேண்டும்.

இடையூறு வந்துவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. பாதிப்பைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். பனங்காட்டு வழியாக ஐந்து கிலோமீட்டர் சுற்றி ஒரு வண்டித்தடம் இருந்தது. 27ஆம் தேதி ஒரு டிராக்டரில் சிமென்ட் ஏற்றி அனுப்பிப் பார்த்தோம். களிமண்ணில் அச்சு வரை புதைந்தது. மீட்க அரை நாள் ஆயிற்று. புதைந்த டிராக்டரின் படமும் வாடகை ரசீதும் கோப்பில் இருக்கின்றன. கடல் வழியாக வள்ளத்தில் கொண்டுபோகலாமா என்று கேட்டோம். காற்று அதிகம், கடலுக்குப் போக வேண்டாம் என்ற மீன்வளத் துறை அறிவிப்பு அப்போது இருந்தது. அந்த அறிவிப்பின் நகலையும் சேர்த்தோம். வாடகைக்கு எடுத்திருந்த கலவை லாரியை மூன்றாம் நாளே விடுவித்தோம். சும்மா நிறுத்தி வைத்து வாடகை ஏற்றியிருந்தால் அது எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.

தண்ணீர் வடிந்த அன்றே பாதை திறந்துவிட்டதாகப் பொறியாளர் கருதினார். ஆனால் பாலத்தின் இரு பக்க மண்ணும் அரித்துப் போயிருந்தது. டூவீலர் போகும், கலவை லாரி போகாது. ஆறு கன மீட்டர் கான்கிரீட்டே 14 டன்னுக்கு மேல். வண்டியின் எடை தனி. ஊராட்சியில் அனுமதி வாங்கி, நாங்களே சரளை கொட்டி, 13ஆம் தேதி மாலை வரை கெட்டித்தோம். 14 காலை முதல் லாரி போனது. அன்றே, இடையூறு முடிந்தது என்று இன்னொரு நோட்டீஸ். இதைப் பலர் அனுப்புவதே இல்லை. முடிவுத் தேதியை நாம் சொல்லாவிட்டால் எதிர்த்தரப்பு தனக்கு வசதியான ஒரு தேதியை வைத்துக்கொள்ளும்.

நவம்பர் 23 முதல் டிசம்பர் 13 வரை 21 நாள் கேட்டோம். கிடைத்தது 16. எங்கள் வேலை அட்டவணையிலேயே மழைக்காக ஆறு நாள் ஒதுக்கியிருந்தோம். அதில் மூன்று நாள் செலவாகாமல் மீதி இருந்தது. அதைக் கழித்தது சரியே. மற்ற இரண்டு நாள், டிசம்பர் 1, 2. சூப்பர்வைசர் காய்ச்சலில் படுத்துவிட்டார். “அண்ணே, தண்ணி கொறையலன்னு சொன்னாங்க” என்று போனில் சொன்னார். நானும் பேசாமல் விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாளுக்கு அளவும் இல்லை, படமும் இல்லை. முன்னும் பின்னும் பாலம் மூழ்கியிருக்க, நடுவில் மட்டும் எப்படித் திறந்திருக்கும் என்று வாதாடினேன். ஏற்கவில்லை. வேறொருவரை அனுப்பியிருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பிரிவு இருந்தால் அதில் எழுதியிருப்பதுதான் முதலில் பேசும். செலவு கூடிவிட்டது, லாபம் போய்விட்டது என்பது மட்டும் காரணமாகாது என்று 2017இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் ஒப்பந்தப்படி இயற்கை இடையூறுக்குக் காலம் மட்டுமே கிடைக்கும், பணம் கிடைக்காது. டிராக்டர் வாடகையும் சரளைச் செலவும் எங்களுடையவைதான். அந்த 16 நாளுக்கு அபராதம் இல்லை, அவ்வளவுதான்.

நீட்டிப்பு ஆணை கைக்கு வந்ததும் வேலை முடியும் தேதி மாறிவிடும். வங்கி உத்தரவாதமும் கட்டுமானக் காப்பீடும் பழைய தேதியிலேயே காலாவதியாகிவிடும். நாங்கள் ஆணை வந்த மறுநாளே ராமநாதபுரத்துக்குப் போய் இரண்டையும் நீட்டி, நகல்களைப் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டோம். நன்றி, வணக்கம்.