10 சதவீதத்தை 5 சதவீதம் முந்தும் கணக்கு

[திரையில்: இரண்டு சீரம் பாட்டில்கள். ஒன்றில் 10%, இன்னொன்றில் 5%.]

இரண்டிலும் இருப்பது கிளைகாலிக் அமிலம். தோலின் மேல் படிந்த இறந்த செல்களின் பிடிப்பைத் தளர்த்தி உதிர வைப்பது அதன் வேலை. எதை எடுப்பீர்கள்? கை தானாக 10-ஐ நோக்கித்தான் போகும். சரி, பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இந்த அமிலம் தண்ணீரில் இரண்டு உருவங்களில் இருக்கும். ஒன்று, அமிலமாகவே. மற்றொன்று, காரம் சேர்த்ததால் மாறிய உப்பு உருவம். தோலின் மேலடுக்குக்குள் எளிதாகப் புகுவது அமில உருவம்தான். உப்பு கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உதிர்க்கும் வேலையில் அது பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும். லேபிளில் உள்ள எண்ணோ இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது.

எது எவ்வளவு என்பதை, அமிலத்தன்மையை அளக்கும் எண்ணான பிஎச் தீர்மானிக்கிறது. பிஎச் சுமார் 3.8-ல் பாதி அமிலம், பாதி உப்பு. அங்கிருந்து பிஎச் ஒன்று கூடினால், உப்போடு ஒப்பிடும்போது அமிலம் பத்தில் ஒன்றாகிவிடும்.

[திரையில்: பாட்டில்களின் கீழே பிஎச் 4.8, பிஎச் 3.5 என்று தோன்றுகிறது.]

10% பாட்டிலின் பிஎச் 4.8 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு அமிலத்துக்குப் பத்துப் பங்கு உப்பு. அதாவது பதினொன்றில் ஒரு பங்கு: சுமார் 0.9%. 5% பாட்டிலின் பிஎச் 3.5 என்றால், மூன்றில் இரண்டு பங்கு அமிலமாகவே இருக்கும்: சுமார் 3.3%. "பாதி அளவு" பாட்டிலில் மூன்று மடங்குக்கு மேல் அமிலம்!

இன்னொரு குழப்பமும் உண்டு. தயாரிப்பாளர்கள் வாங்கும் கிளைகாலிக் அமிலம் பெரும்பாலும் 70% கரைசலாகத்தான் வரும். அந்தக் கரைசலை 10% சேர்த்திருந்தால் உண்மையில் உள்ள அமிலம் 7% மட்டுமே. லேபிளின் 10 எதைக் குறிக்கிறது என்பதை லேபிள் எப்போதும் சொல்வதில்லை.

அப்படியானால் பிஎச்சை 2-க்கு இறக்கிவிட்டால் என்ன? அமிலம் கூடும், கூடவே எரிச்சலும் சிவப்பும் கூடும். அமெரிக்காவில் அழகுசாதனப் பொருள்களை மதிப்பிடும் நிபுணர் குழு, வீட்டில் பூசும் பொருள்களுக்கு 10%-க்கு மேல் போகாமலும் பிஎச் 3.5-க்குக் கீழே இறங்காமலும் இருக்கச் சொல்வது அதனால்தான். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

[திரையில்: பிஎச் தாளில் ஒரு சொட்டு சீரம்.]

சந்தேகம் இருந்தால், தண்ணீர் போன்ற சீரத்தில் ஒரு சொட்டை பிஎச் தாளில் விட்டு நிறத்தை ஒப்பிடலாம். கிரீமில் இது சரிவராது. எண்ணெய் தாளின் நிறத்தைக் குழப்பிவிடும். அப்புறம், ஃபேஸ் வாஷில் பெரிய எண்ணைப் பார்த்தால் ஒன்றை யோசியுங்கள்: அது முகத்தில் இருக்கப்போவது அரை நிமிடம்தான்.