80 ஆவது பிறந்தநாள் அட்டையில் இந்தக் குறளை மட்டும் எழுதாதீர்கள்

[திரையில்: விரித்து வைத்த வெற்று வாழ்த்து அட்டை ஒன்று]

வணக்கம். 'வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன் வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்' என்ற ஐம்பதாவது குறளை, 80 வயதை எட்டும் உங்கள் பெத்தாவுக்கோ அம்மப்பாவுக்கோ கொடுக்கும் வாழ்த்து அட்டையில் எழுதலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். குறளில் ஒரு குற்றமும் இல்லை. அது இல்வாழ்க்கை அதிகாரத்தின் கடைசிக் குறள். குடும்ப வாழ்வை முறையாக நடத்தியவரைப் புகழ்கிறது. ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சந்திக்குச் சந்தி கட்டப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளிலும், 31 ஆம் நாள் நினைவு மலர்களின் முதற்பக்கத்திலும் நாம் பெரும்பாலும் படிப்பது இதே குறளைத்தான். சுற்றத்திலும் அயலிலும் எத்தனையோ பேருடைய நினைவு மலரைக் கையில் வாங்கிப் பார்த்த ஒரு மூதாட்டி, தன் பிறந்தநாளன்று அதே வரியைத் தன் பெயருக்குக் கீழே படித்தால் அவருடைய மனம் எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

60 வயதுக்கு மணிவிழா, 75 வயதுக்குப் பவளவிழா என்று நமக்கு வழக்கங்கள் உண்டு. அவற்றுக்கு அச்சிட்ட வாசகங்களும் கடைகளில் கிடைக்கும். அவற்றை விட்டுவிட்டு, இன்று 80 ஆவது பிறந்தநாளுக்கு மட்டும், அழகாக முதுமை அடைவதைச் சொல்லும் ஒரு வரியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். எந்த வரியைக் கண்டாலும் அதை யார், யாரிடம், எந்த வேளையில் சொன்னார் என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரியாத வரியை அட்டையில் ஏற்றாதீர்கள்.

[திரையில்: 'நல்லது செய்தல் ஆற்றீர் ஆயினும் அல்லது செய்தல் ஓம்புமின்']

இந்த வரியைத் தனியாகப் பார்த்தால் எவ்வளவு கனிவான அறிவுரை! ஆனால் இது புறநானூற்றின் 195 ஆவது பாட்டில் நரிவெரூஉத்தலையார் முதியவர்களைப் பார்த்துக் கண்டித்துச் சொன்னது. கயல் மீனின் முள்ளைப் போல நரைத்த முடியும் சுருங்கிய கன்னமும் உடைய, 'பயனில் மூப்பின்' சான்றோர்களே என்று அவர்களை விளித்து, எமன் வந்து கட்டும்போது வருந்துவீர்கள் என்று எச்சரித்த பிறகுதான் இந்த வரிக்கு வருகிறார். பாட்டு மிக உயர்ந்தது. ஆனால் தமிழ் படித்த ஒரு பெரியவரின் கையில் இந்த வரியைக் கொடுத்தால், அவர் முழுப்பாட்டையும் நினைத்துக்கொள்வார். 'காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்' என்ற பழமொழியும் அப்படித்தான். அது இளையவரைத் திருத்தச் சொன்னது; முதியவரின் அட்டையில் இட்டால் விழப்போகும் ஓலை அவரே என்று ஆகிவிடும்.

அடுத்தது 'ஆயிரம் பிறை கண்டவர்' என்ற தொடர். இது எனக்கு மிகவும் பிடித்த தொடர். இதில் ஒரு சிறு கணக்கும் இருக்கிறது. ஒரு பூரணைக்கும் அடுத்த பூரணைக்கும் இடையில் சராசரியாக 29.53 நாட்கள். ஆயிரம் முறை என்றால் 29,530 நாட்கள். அதை ஆண்டாக மாற்றினால் ஏறத்தாழ 80 ஆண்டும் 10 மாதமும் வரும். அப்படியானால் 80 ஆவது பிறந்தநாளன்று ஒருவர் கடந்திருப்பது 989 அல்லது 990 பிறைகளைத்தான். போயா விடுமுறையை மாதந்தோறும் நாட்காட்டியில் பார்த்து வளர்ந்த நம் வீடுகளில், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு பேரப்பிள்ளை கட்டாயம் இருப்பார். அதனால் 80 க்கு 'ஆயிரம் பிறையை நெருங்கும்' என்று எழுதுங்கள். 'கண்ட' என்ற சொல்லை 81 ஆவது பிறந்தநாளுக்கு எடுத்து வையுங்கள். அப்போது அது முழு உண்மையாக இருக்கும். ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ஹிஜ்ரி ஆண்டைக் கணக்கிடுபவர்களுக்கு ஆயிரம் மாதம் என்பது 83 ஆண்டும் 4 மாதமும் ஆகும். அவர்களுடைய ஆண்டு நம் ஆங்கில ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு என்பதால், இரண்டு கணக்கும் ஒரே காலத்தையே தொடுகின்றன. இதை வாசித்து அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க முடியவில்லை.

[திரையில்: புறநானூறு, 191]

இப்போது, இந்தக் காணொளியை நான் உருவாக்கக் காரணமாக இருந்த பாட்டுக்கு வருகிறேன். கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் இருந்து உயிர்விட முடிவுசெய்து வடக்கிருந்தபோது, அவனை நேரில் பார்த்தே இராத நண்பர் பிசிராந்தையார் அங்கு வந்து சேர்ந்தார். உங்களைப் பற்றி நெடுங்காலமாகக் கேள்விப்பட்டிருக்கிறோம், ஆனால் உங்கள் தலையில் நரை இல்லையே, அது எப்படி என்று அங்கிருந்த சான்றோர் கேட்டார்கள். அவர் சொன்ன விடைதான் இந்தப் பாட்டு.

'யாண்டுபல வாக நரையில வாகுதல் யாங்காகியர் என வினவுதிர் ஆயின்' என்று கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அவர் காரணங்களை வரிசையாக எடுத்து வைக்கிறார். என் மனைவி மாண்பு மிக்கவள், பிள்ளைகளும் அறிவு நிரம்பியவர்கள். என் ஏவலர்கள் நான் எண்ணியதையே எண்ணுகிறார்கள். அரசனும் தீயவை செய்யாமல் காக்கிறான். இவற்றுக்கெல்லாம் மேலாக, நிறைந்து, பணிந்து, அடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர் நான் வாழும் ஊரில் இருக்கிறார்கள். நன்றாகக் கவனியுங்கள்: உணவையோ மருந்தையோ தன் மன உறுதியையோ அவர் ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. தன்னைச் சுற்றியுள்ள மனிதர்களையே காரணமாகச் சொல்கிறார். முதுமையை அழகாகத் தாங்குவதைப் பற்றி நான் படித்தவற்றில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பாட்டை அப்படியே அட்டையில் அச்சிட முடியாது. ஓர் எடுத்துக்காட்டை வைத்துச் செய்து பார்ப்போம். தம்பிலுவில் பக்கம் வாழும் ஒரு பெத்தா, 1945 இல் பிறந்தவர், கணவரை இழந்தவர், தலை முழுவதும் வெண்மையாக நரைத்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நரை. நரைத்த தலையுடையவரிடம் நரையில்லாத காரணத்தைக் கேட்பது கேலியாகிவிடும். அதனால் 'நரை' போய் 'வாடாத முகம்' வரவேண்டும். இரண்டாவது, 'மாண்டஎன் மனைவியொடு' என்ற தொடர். பாட்டில் 'மாண்ட' என்றால் மாட்சிமை பொருந்திய என்று பொருள். இன்றைய வாசகருக்கோ அது இறந்த என்றே கேட்கும். கணவரை இழந்தவரின் அட்டையில் அந்தச் சொல் எந்த வகையிலும் வரக்கூடாது. மூன்றாவது, அரசன் காக்கிறான் என்ற வரி. 1978 நவம்பர்ச் சூறாவளியை 33 வயதிலும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையை 59 வயதிலும், இடையில் நீண்ட போரையும் இந்தக் கரையில் இருந்து பார்த்த ஒருவரிடம், ஆட்சி காத்ததனால் நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று எழுதுவதற்கு நமக்கு உரிமை இல்லை. அந்த வரியை விட்டுவிடுங்கள்.

மிஞ்சுவது பிள்ளைகளும், இளையவர்களும், ஊரும். இங்கேதான் இந்தப் பாட்டு நம் கிழக்குக்கு நன்றாகப் பொருந்துகிறது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து, அக்கா தங்கைகள் அருகருகே குடியிருக்கும் வழக்கம் உள்ள ஊர்கள் இவை. பெத்தாவின் வேலிக்கு அப்பால் ஒரு மகள், அதற்கு அப்பால் ஒரு பேத்தி. 'யான் வாழும் ஊர்' என்று அவர் சொன்னால், கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பவர்களின் பெயர்களையே சொல்லிவிடலாம்.

இன்னும் ஒன்று. 'சான்றோர் பலர் யான் வாழும் ஊரே' என்ற கடைசி வரியில் பேசுபவர் முதியவர். பேரப்பிள்ளை அதை அப்படியே எழுதிக் கீழே தன் பெயரையும் இட்டால், பேச்சு இடம் மாறிப் பேரப்பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வது போல ஆகிவிடும். ஆகவே கேள்வியை நீங்கள் எழுதுங்கள். விடை பெத்தாவுடையதாக இருக்கட்டும்.

[திரையில்: அட்டையின் உட்பக்கம்]

'80 ஆண்டு கடந்தும் முகம் வாடாதிருப்பது எப்படி என்று கேட்டால், பெத்தா, நீங்கள் எங்களைக் காட்டுவீர்கள். நாங்கள் உங்களைக் காட்டுகிறோம். சான்றோர் நீங்கள் வாழும் ஊர் எங்கள் ஊர்.'

இரண்டாவது வாக்கியத்தின் பின்னே, அவருடைய வாழ்விலிருந்து ஒரே ஒரு நிகழ்வைச் சேர்த்துக்கொள்ளலாம். சூறாவளி இரவில் யாரைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டார், யாருடைய பிள்ளையைத் தன் பிள்ளையோடு சேர்த்துப் படிக்க வைத்தார் என்று எழுதினால், அந்த அட்டையை வேறு எவருக்கும் கொடுக்க முடியாது. உங்கள் ஊரில் பெரியவர்களைப் பற்றிச் சொல்லும் வரி ஏதாவது இருந்தால், அதை யார் யாரிடம் சொன்னார் என்ற குறிப்போடு கீழே எழுதுங்கள். 90 ஆவது பிறந்தநாளுக்கான காணொளியில் அவற்றை எடுத்துப் பேச விரும்புகிறேன்.

பாட்டு நீளமாகத் தோன்றினால், 415 ஆவது குறள் போதும்: 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்க முடையார்வாய்ச் சொல்.' வழுக்கும் நிலத்தில் ஊன்றுகோல் உதவுவது போல, ஒழுக்கமுடையவர் சொல் உதவும் என்பது பொருள். மாரியில் வட்டையின் வரம்பில் நடந்த எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை. கையில் தடி ஊன்றி நடக்கும் அம்மப்பாவிடம், எங்களுக்கு ஊன்றுகோல் உங்கள் சொல் என்று சொல்லும்போது, தடி அவருடைய தளர்ச்சியின் அடையாளமாக இல்லாமல் போகிறது.

அச்சடிப்பதைப் பற்றிச் சுருக்கமாக. 80 வயதுக் கண்ணுக்கு எழுத்து 18 புள்ளி அளவுக்குக் குறையக்கூடாது. மினுக்கமில்லாத வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தே நல்லது, ஏனென்றால் பளபளக்கும் தாளில் விளக்கின் ஒளி பட்டு எழுத்து மறையும். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வரி யுனிகோட்டில் இருக்கும். அச்சகக் கணினியில் பாமினி எழுத்துரு இருந்தால், அதை அங்கே மாற்றவோ மறுபடி தட்டச்சுச் செய்யவோ வேண்டியிருக்கும். எழுத்துகள் கெடுவது அந்த இடத்தில்தான். அச்சுக்கு முன் ஒரு படியை வாங்கி, 'உடையுழி' என்பது 'உடையவழி' என்று மாறியிருக்கிறதா, 'ஊற்றுக்கோல்' என்பதில் 'ற்' விழுந்திருக்கிறதா, 'சான்றோர்' என்பதில் 'ன்' இருக்கிறதா 'ண்' இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, வீட்டில் பெத்தாவின் வயதை ஒத்த வேறொருவரிடம் அந்தப் படியைக் கொடுத்து, கண்ணாடி அணிந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது சொல்லை மாற்றுங்கள்.