ஸ்லைட் தமிழில், கட்டளை ஆங்கிலத்தில்: கிட் பாடம் ஒன்றை மொழிபெயர்த்தல்

[திரையில்: ஆங்கில ஸ்லைட் ஒன்று. தலைப்பு Staging area. கீழே மூன்று வரிகள்.]

வணக்கம். திருகோணமலையில் எங்கள் படிப்புக் குழு சனிக்கிழமை மாலைகளில் உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடுகிறது. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வருகிறார்கள். பெரும்பாலோர் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, இப்போது கணினிப் பாடங்களை ஆங்கிலத்தில் கேட்பவர்கள். நாங்கள் இப்போது படிப்பது கிட். நிரலில் நாம் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள் அது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதத் தொடங்கினார்.

பாடத்துக்கான ஸ்லைட்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் இன்று தமிழாக்கிக் காட்டுகிறேன். கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவோம் என்று குழு முடிவு செய்திருந்தது. எளிதான முடிவுபோலத் தெரியும். ஆனால் எந்தச் சொல்லை விடுவது, விட்ட சொல்லைத் தமிழ் வாக்கியத்துக்குள் எப்படி உட்கார வைப்பது என்று கேட்டுப் பார்த்தால்தான் வேலை எங்கே இருக்கிறது என்பது புரியும்.

[திரையில்: மூன்று வரிகளும் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

நீங்கள் செய்யும் எல்லா மாற்றங்களையும் கிட் தானாகக் கொமிட் செய்வதில்லை என்கிறது முதல் வரி. வேண்டிய மாற்றங்களை மட்டும் ஸ்டேஜ் செய்யுங்கள் என்கிறது இரண்டாவது. ஸ்டேஜ் செய்த கோப்பை மறுபடியும் திருத்தினால் புதிய திருத்தம் ஸ்டேஜ் ஆகியிருக்காது என்கிறது மூன்றாவது. கொமிட் என்பது மாற்றங்களைக் கிட்டில் பதிவது. ஸ்டேஜ் என்பது அடுத்த கொமிட்டில் சேர வேண்டியதை முன்கூட்டியே எடுத்து வைப்பது.

ஒரு சொல்லை ஆங்கிலத்தில் விடுவதா என்று தீர்மானிக்க நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கிறேன். படிப்பவர் இந்தச் சொல்லைத் தட்டச்சு செய்வாரா, அல்லது கணினித் திரையில் மறுபடியும் சந்திப்பாரா? சந்திப்பார் என்றால் அது ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். `commit` அப்படிப்பட்டது, அதுவே கட்டளையின் பெயர். `staged` என்பதும் அப்படித்தான்; கிட் காட்டும் செய்தியில் அது வருகிறது. அகராதியைப் பார்த்து ஸ்டேஜ் என்பதற்கு மேடை என்று எழுதினால், செய்தி திரையில் வரும்போது மாணவருக்கு இரண்டும் ஒன்றென்று தெரிய வழியில்லை. ஆனால் மாற்றம், கோப்பு, திருத்தம், கட்டளை, உள்ளடக்கம் என்பவை விளக்கச் சொற்கள். இவை பாடசாலைக் காலம் முதல் நமக்குப் பழகியவை. இவற்றை ஆங்கிலத்தில் விட எந்தக் காரணமும் இல்லை. அப்படி விட்டால், வினைமுற்றைத் தவிர எல்லாமே ஆங்கிலமாக இருக்கும் ஒரு வரிதான் மிஞ்சும். அதை மொழிபெயர்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து வேற்றுமை உருபு. இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

[திரையில்: main-இல், bus.txt-ஐ, git add-ஆல் என்ற மூன்று வடிவங்கள்.]

ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் சிறு கோடு போட்டு உருபை ஒட்டுவது பலருடைய பழக்கம். வாசிக்கலாம், தவறில்லை. ஆனால் கட்டளைப் பாடத்தில் அது தொல்லை தருகிறது. கிட்டில் சிறு கோட்டுக்கே பொருள் உண்டு. `-m` என்பதில் இருக்கும் கோடு கட்டளையின் பகுதி. புதிதாகப் படிப்பவருக்கு எந்தக் கோடு கட்டளையைச் சேர்ந்தது, எந்தக் கோடு தமிழைச் சேர்ந்தது என்று தெரியாது. அதோடு, வரி முடியும் இடத்தில் கோடு வந்தால் உருபு மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. வரியின் தொடக்கத்தில் ‘ஐ’ மட்டும் நிற்கும்.

இதற்கு எங்கள் குழு கைக்கொண்ட வழி, உருபைத் தாங்க ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல்லைப் பக்கத்தில் நிறுத்துவது.

[திரையில்: `main` கிளையில், `bus.txt` கோப்பை, `git add` கட்டளையால்.]

இப்போது ஆங்கிலப் பகுதி முழுதாக, தொடப்படாமல் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துத் தட்டச்சு செய்யலாம். உருபு கிளை, கோப்பு, கட்டளை என்ற தமிழ்ச் சொற்களோடு இயல்பாகச் சேர்கிறது. புணர்ச்சி பற்றிய குழப்பமும் இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. `main` என்பது கிளையா, கோப்பா, கட்டளையா என்று ஆங்கில ஸ்லைட் சொல்லவில்லை. தமிழ் ஸ்லைட் சொல்லிவிடுகிறது. முதன்முறை படிப்பவருக்கு இது பெரிய உதவி.

வினைக்கு இவ்வளவு சிரமம் இல்லை. செய், ஆகு என்ற இரண்டும் போதும்: கொமிட் செய், கொமிட் ஆகும். பன்மையில் மட்டும் ஆங்கில எஸ் எழுத்தை விட்டுவிட்டுத் தமிழ்ப் பன்மையை அருகில் வரும் தமிழ்ச் சொல்லுக்குக் கொடுங்கள்.

இனி மூன்றாவது வரி. இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கலாம், இலக்கணமும் சரியாக இருக்கும். ஆனால் படிப்பவர் ‘ஏன் ஆகாது?’ என்று கேட்பார். ஆங்கில வரியில் அதற்குப் பதில் இல்லை. விரிவுரையாளர் வாயால் சொல்லியிருப்பார். எங்கள் குழுவில் அந்த விரிவுரையாளர் இல்லை, ஆகவே காரணம் ஸ்லைடுக்குள் வர வேண்டும்.

காரணம் இதுதான். `git add` என்ற கட்டளை கோப்பின் பெயரை மட்டும் குறித்து வைப்பதில்லை. அந்தக் கணத்தில் கோப்புக்குள் என்ன இருக்கிறதோ அதைப் பிரதி எடுத்து வைக்கிறது. பிறகு நீங்கள் கோப்பைத் திருத்தினாலும் எடுத்த பிரதி மாறாது. செய்து பார்ப்போம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ் நேரங்கள் எழுதிய `bus.txt` கோப்பு ஏற்கெனவே கொமிட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு நேரத்தை மாற்றுகிறோம், `git add bus.txt` கொடுக்கிறோம். பிறகு இன்னொரு நேரத்தையும் மாற்றிவிட்டு `git status` கொடுக்கிறோம்.

```
Changes to be committed:
        modified:   bus.txt

Changes not staged for commit:
        modified:   bus.txt
```

ஒரே கோப்பு இரண்டு பட்டியலிலும் வருகிறது. மேலே இருப்பது முதல் திருத்தம், கீழே இருப்பது இரண்டாவது. இப்போது கொமிட் செய்தால் முதல் திருத்தம் மட்டுமே போகும். இதைப் பார்த்த பிறகு மூன்றாவது வரியை இரண்டாகப் பிரித்தேன். முழு ஸ்லைட் இப்படி ஆனது.

[திரையில் தமிழ் ஸ்லைட்:]

```
Staging area

நீங்கள் செய்த எல்லா மாற்றங்களும் தானாக commit ஆவதில்லை.
வேண்டியவற்றை மட்டும் git add கட்டளையால் stage செய்யுங்கள்.
கோப்பின் அந்த நேரத்து உள்ளடக்கத்தையே அது எடுத்துக்கொள்ளும்.
பிறகு திருத்தினால், மீண்டும் git add தேவை.
```

மூன்று வரி நான்கானது. தமிழ் வரி ஆங்கில வரியைவிட அகலமாகவும் இருக்கும். பவர்பொயின்ட் அதைச் சமாளிக்க எழுத்தைத் தானாகச் சிறிதாக்கும். விறாந்தையின் கடைசியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எழுத்தின் அளவைக் குறைக்க விடாதீர்கள். ஸ்லைடை இரண்டாக்குங்கள், அல்லது பஸ் கோப்பு உதாரணம் போன்றவற்றைக் கீழே இருக்கும் குறிப்புப் பகுதிக்கு நகர்த்துங்கள்.

உதாரணத்தை நம் ஊருக்கு மாற்றும்போது ஓர் எல்லை உண்டு. கோப்பின் உள்ளே தமிழ் இருக்கலாம். கொமிட் செய்தியும் தமிழில் இருக்கலாம். கோப்பின் பெயரைத் தமிழாக்கினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். `க.txt` என்று பெயர் வைத்தால், `git status` அதை இப்படிக் காட்டும்:

```
"\340\256\225.txt"
```

க என்ற ஓர் எழுத்து யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள். ஆங்கில எழுத்து அல்லாதவற்றைக் கிட் இயல்பாக இப்படி எண்களாகவே காட்டுகிறது. கோப்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. `git config --global core.quotePath false` என்று ஒருமுறை கொடுத்தால் பெயர் தமிழில் தெரியும். ஆனால் ஸ்டேஜிங்கையே இப்போதுதான் புரிந்துகொள்பவருக்கு அந்த எண்கள் வேண்டாம். பயிற்சிக் கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் விட்டுவிடுங்கள்.

அடுத்தது எங்கள் குழுவில் பலரைத் தடுக்கி விழச் செய்த இடம். தமிழ் வரியைத் தட்டச்சு செய்யும்போது இடையில் கட்டளையும் வருகிறது. பவர்பொயின்ட் நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக மாற்றிவிடும். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஸ்லைடிலிருந்து `git commit -m “பஸ் நேரம்”` என்பதைப் பிரதி செய்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கிட் பாஷ் ஜன்னலில் ஒட்டினால் வருவது இது:

```
error: pathspec 'நேரம்”' did not match any file(s) known to git
```

வளைந்த குறியைப் பாஷ் மேற்கோளாக ஏற்பதில்லை. ஆகவே ‘பஸ்’ என்பதுடன் செய்தி முடிந்துவிட்டது, ‘நேரம்’ ஒரு கோப்பின் பெயர் என்று கிட் எடுத்துக்கொள்கிறது. பிழைச் செய்திக்குள் வளைந்த குறி ஒட்டிக்கொண்டிருப்பதே அடையாளம். இரட்டைக் கோடும் சில நேரம் ஒரே நீளக் கோடாக மாறும். `--staged` வேலை செய்யாமல் போனால் முதலில் அதைப் பாருங்கள். தட்டச்சைத் தொடங்கும் முன்பே `AutoFormat As You Type` பகுதியில் இந்த இரண்டு மாற்றங்களையும் நிறுத்திவிடுங்கள். கட்டளைகளுக்கு மட்டும் கன்சோலாஸ் போன்ற, எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருவைக் கொடுத்தால், தமிழிலிருந்து அவை தனித்தும் தெரியும்.

[திரையில்: log என்ற சொல். எழுத்துரு மாறுகிறது. டழப என்று தெரிகிறது.]

இது பாமினி எழுத்துரு. நம் பக்கத்தில் எத்தனையோ பாடக் குறிப்புகள் இன்னும் பாமினியில்தான் இருக்கின்றன, அவற்றிலிருந்து ஒரு பந்தியை எடுத்து ஒட்டுவது இயல்பு. ஆனால் பாமினியில் தமிழ் எழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தமிழ் என்று தெரிவதன் அடியில் இருப்பது `jkpo;`. அதனால் அந்த வரிக்குள் `log` என்று எழுதினால் டழப என்று வருகிறது. கலைச்சொல்லை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் ஸ்லைடுக்குப் பாமினி சரிப்படாது. சந்தேகம் வந்தால் பந்தியைத் தெரிவு செய்து எழுத்துருவை நிர்மலா யூஐ என்று மாற்றிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது யூனிகோட். ஆங்கில எழுத்துக் குவியலாக மாறினால் பாமினி. எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றின் மூலம் யூனிகோடாக்கிய பிறகு ஸ்லைடில் சேருங்கள்.

குழுவுக்கு அனுப்பும்போது ஸ்லைட்களைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துரு கூடவே போகும், தொலைபேசியிலும் வரிகள் இடம் மாறாது. பிடிஎஃபிலிருந்து கட்டளையைப் பிரதி செய்தால் இடைவெளிகள் சில நேரம் தொலைந்துவிடும். அதனால் கட்டளைகளை மட்டும் வரிசையாக ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதி, அதையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பும் முன் அந்தக் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு வெற்றுக் கோப்புறையில், மேலிருந்து கீழாக, நீங்களே ஓட்டிப் பாருங்கள்.