மீன் வறுக்கும் கல்லில் எந்த எண்ணெய், எவ்வளவு?

புதுச்சேரி வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் ஒருவர் ஜிம்முக்குப் போக ஆரம்பித்தால் சமையலறையில் முதலில் மாறுவது எண்ணெய்தான். ரீஃபைண்ட் பாக்கெட் போய் மரச்செக்கு பாட்டில் வருகிறது. இன்னொரு வீட்டில் இரண்டு எண்ணெய் கலந்த பிளண்டட் வகை வருகிறது. வாங்கியவர் மனத்தில், இதில் கலோரி குறைவு என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த எண்ணத்தால் கை தாராளமாகிறது. மூன்று மாதம் கழித்து, சாப்பாட்டில் இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் எடை குறையவில்லையே என்று கேட்கிறார்கள்.

கலோரியைப் பொறுத்தவரை எல்லா எண்ணெயும் ஒன்றுதான். செக்கில் ஆட்டினாலும், ஆலையில் சுத்திகரித்தாலும், இரண்டைக் கலந்தாலும் ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி. பிறகு ஏன் ஒரு பாக்கெட்டில் 900 என்றும் இன்னொன்றில் 820 சொச்சம் என்றும் போட்டிருக்கிறது? முதலாவது 100 கிராமுக்கான கணக்கு, இரண்டாவது 100 மில்லிக்கான கணக்கு. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் இருக்கும். அதனால் மில்லி கணக்கில் எண் சிறியதாகத் தெரிகிறது. அடுத்த முறை கடையில் இரண்டு பாக்கெட்டை ஒப்பிடும்போது, எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அது கிராமா மில்லியா என்று பாருங்கள்.

சரி, கையில் இருக்கும் ஒரு மீன் துண்டை வைத்தே கணக்குப் போடுவோம். கடலூர் துறைமுகத்தில் வாங்கிய வஞ்சிரம், 150 கிராம் துண்டு. ஏறத்தாழ 30 கிராம் புரதம் அதில் இருக்கிறது. கலோரி சுமார் 180 என்று வைத்துக்கொள்ளலாம். உடற்பயிற்சி செய்பவருக்கு அருமையான மதிய உணவு. மசாலா தடவியாயிற்று, இரும்புக் கல் அடுப்பில் ஏறியாயிற்று.

இப்போது எண்ணெய் பாட்டிலை ஒரு சமையலறைத் தராசில் வையுங்கள். 700 கிராம் காட்டுகிறது. வழக்கம்போலக் கல்லைச் சுற்றி ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தால் 668. ஆக, ஊற்றியது 32 கிராம், 288 கலோரி. இதில் எல்லாமே வயிற்றுக்குள் போகாது, கல்லில் கொஞ்சம் தங்கும். அதையும் பார்த்துவிடலாம். வெறும் கல்லை முன்பே நிறுத்தபோது 900 கிராம். மீனை எடுத்த பின், கல் ஆறியதும் நிறுத்தால் 914. மிச்சம் 14 கிராம். அப்படியானால் மீனோடு போனது 18 கிராம், அதாவது 162 கலோரி. மீனுக்கு நிகராக எண்ணெயும் தட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இதே துண்டை, எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் தடவி வறுத்தால் இரண்டு டீஸ்பூன் போதும். டீஸ்பூன் என்றால் 5 மில்லி பிடிக்கும் அளவுக் கரண்டி. காபி கலக்கும் கரண்டி வீட்டுக்கு வீடு மாறும். இரண்டு டீஸ்பூன் 9 கிராம், 81 கலோரி. பாதியாகக் குறைந்துவிட்டது. எந்த பிராண்டை மாற்றினாலும் இந்த வித்தியாசம் வராது. ஸ்ப்ரே பாட்டில் வைத்திருப்பவர்களும் இதே போல முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். ஒரு அழுத்தில் கலோரி இல்லை என்பது, அந்த ஒரு அழுத்தின் அளவு மிகச் சிறியது என்பதால் சொல்லப்படுவது. நாம் பத்துத் தடவை அழுத்துகிறோம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி உணவில் நெய், எண்ணெய் எல்லாம் சேர்த்து நாளுக்கு 27 கிராம் என்று வைத்திருக்கிறார்கள். காலைத் தோசை, மதியக் கூட்டுத் தாளிப்பு, இரவுப் பொரியல் எல்லாம் அந்த 27-க்குள் வரவேண்டும். நாம் முதலில் வறுத்த அந்த ஒரு மீன் துண்டே அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிட்டது.

அளவு முடிந்தது. இனி எந்த எண்ணெய் என்ற கேள்வி. அதைத் தீர்மானிப்பது கல்லின் சூடு.

எந்த எண்ணெயும் ஒரு சூட்டைத் தாண்டினால் புகையும். அந்தப் புகையில் கண் எரியும், தொண்டை கமறும். எண்ணெய் சிதைந்து அக்ரோலின் என்ற பொருள் உண்டாவதுதான் காரணம். எண்ணெயில் கட்டுப்படாமல் தனியாக இருக்கும் கொழுப்பு அமிலங்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சீக்கிரம் புகை வரும். ஆலையில் அவற்றைக் காஸ்டிக் சோடா போன்ற காரப் பொருள் சேர்த்து நீக்கி, பிறகு வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி வாசனையையும் எடுத்துவிடுகிறார்கள். அதனால் ரீஃபைண்ட் கடலை எண்ணெய் 230 டிகிரி செல்சியஸ் பக்கம் வரை தாங்கும். செக்குக் கடலை எண்ணெய் 160 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்கிவிடும், செக்கு நல்லெண்ணெய் 175 வாக்கில். செக்கு எண்ணெயில் இந்த எண் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். புது விதையா பழைய விதையா, நன்றாகத் தெளிந்ததா என்பதைப் பொறுத்து இருபது டிகிரி கூடக் குறைய இருக்கும்.

மீனுக்கு மொறுமொறுப்பான மேல்தோல் வேண்டுமென்றால் கல் 170, 180 டிகிரி இருக்க வேண்டும். செக்குக் கடலை எண்ணெய் அந்தச் சூட்டில் நிற்காது. அதனால் மீன், சிக்கன் துண்டு போன்றவற்றைச் சூடான கல்லில் போட்டு எடுக்க ரீஃபைண்ட் கடலை எண்ணெய் சரியான தேர்வு. இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. செக்கு எண்ணெயில்தான் செய்வேன் என்றால் தீயைக் குறைத்து, ஒரு பக்கத்துக்குக் கூடுதலாக இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். நிறம் கொஞ்சம் வெளிறி இருக்கும், ருசி இருக்கும்.

சூட்டை அளக்கக் கருவி வேண்டாம். காய்ந்த கல்லில் எண்ணெய்க்கு முன்னால் ஒரு துளி தண்ணீரைத் தெளியுங்கள். சொய்யென்று சத்தமிட்டுப் பரவி ஆவியானால், தீயைக் குறைத்துச் செக்கு எண்ணெய் விடலாம். துளி உடையாமல் முத்துப்போல உருண்டு ஓடினால் கல் 190 டிகிரியைத் தாண்டிவிட்டது. அந்தக் கல்லில் செக்கு எண்ணெய் விட்டால் மீன் போடுவதற்குள் புகை வந்துவிடும். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு மறுபடி தெளித்துப் பாருங்கள்.

சிலர் பாதி செக்கு, பாதி ரீஃபைண்ட் என்று வீட்டிலேயே கலந்துகொள்கிறார்கள். 160-க்கும் 230-க்கும் நடுவில், 195-இல் புகையும் என்பது அவர்கள் கணக்கு. அப்படி வராது. சீக்கிரம் புகைகிற அமிலங்கள் அந்தக் கலவையிலும் இருப்பதால், புகை கீழ் எண்ணின் பக்கமாகவே தொடங்கும்.

கடையில் கிடைக்கும் பிளண்டட் எண்ணெய் வேறு. அது பெரும்பாலும் சுத்திகரித்த எண்ணெய்களின் கலவை, தவிட்டு எண்ணெயும் சூரியகாந்தியும் போல. ஆகவே சூட்டைத் தாங்கும். ஒவ்வொரு எண்ணெயும் எடையில் 20 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பார்கள். முன்பக்கம் ஆலிவ் படம் பெரிதாக இருந்து, பின்பக்கம் ஆலிவ் 20, தவிட்டு எண்ணெய் 80 என்று இருந்தால் நீங்கள் வாங்குவது தவிட்டு எண்ணெய்தான். தவிட்டு எண்ணெய் மோசமானதல்ல. ஆலிவ் விலை கொடுக்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகை வரும் சூடு அதிகமாக இருப்பதால் ஒரு எண்ணெய் நீண்ட நேரம் கொதிக்கவும் ஏற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சூரியகாந்தி எண்ணெயும் 230 டிகிரி வரை புகையாது. ஆனால் வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் 60 சதவீதம் வரை எளிதில் காற்றோடு சேர்ந்து கெடும் கொழுப்பு. ஒரு மீன் துண்டு வறுக்க அது போதும். வாணலியில் அரை மணி நேரம் வடை சுட்டு, அதே எண்ணெயை மறுநாளும் காய்ச்சினால் நுரை கட்டும், பிசுபிசுக்கும், நிறம் கறுக்கும். அதற்குக் கடலை எண்ணெய் மேல். உணவகங்களுக்கு இதில் சட்டமே இருக்கிறது: எண்ணெயில் துருவச் சேர்மங்கள் என்கிற சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மேற்கொண்டு பயன்படுத்தக் கூடாது. இது 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மீன் வறுத்துக் கல்லில் மிஞ்சிய அந்த 14 கிராமைப் பற்றிக் கேட்டால், துடைத்து எறிந்துவிடுங்கள் என்பேன். மசாலாத் தூள் கருகிக் கிடக்கும் எண்ணெய் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் புகையும்.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் ஆரோக்கிய வாசகங்களுக்கு வருவோம். கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை. எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லத்தக்க அளவு கிடையாது, ஆகவே அது ஒன்றைவிட இன்னொன்று மேல் என்பதற்குச் சான்றாகாது. தேங்காய் எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும் என்று ஜிம்மில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகள் பலவும் 8, 10 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்களைத் தனியாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தவை. தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்து 15 சதவீத அளவுதான். பாதிக்குக் கிட்ட இருப்பது லாரிக் அமிலம். மொத்தத்தில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. காலைக் காபியில் ஒரு மேசைக்கரண்டி கலந்து குடித்தால் 120 கலோரிக்கு மேல் கூடுகிறது.

செக்கில் ஆட்டுவதால் கொழுப்பின் வகை மாறுவதில்லை. கடலை எண்ணெய் செக்கிலும் கடலை எண்ணெய்தான். செக்கில் மிஞ்சுவது வாசனையும், வைட்டமின் ஈயில் கூடுதல் பங்கும், நல்லெண்ணெயில் உள்ள செசமின் போன்ற பொருள்களும். அவை வேண்டுமென்றால் சூடில்லாத இடத்தில் சேர்ப்பதுதான் வழி. முளைகட்டிய பயறில் வெங்காயம், எலுமிச்சை பிழிந்து, கடைசியில் ஒரு டீஸ்பூன் செக்கு நல்லெண்ணெய். இட்லிப் பொடியில் ஒரு டீஸ்பூன். வாசனை தூக்கலாக இருப்பதால் குறைந்த அளவிலேயே மனம் நிறையும். இங்கே ரீஃபைண்ட் எண்ணெய்க்கு வேலையே இல்லை.

செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் விதையைப் பார்த்து வாங்குங்கள். நம் பக்கம் மல்லாட்டைக்குப் பஞ்சமில்லை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. இரகங்கள் விளைகிற பூமி. ஆனால் ஈரம் சரியாகக் காயாத பருப்பில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும், அது கல்லீரலைக் கெடுக்கும். ஆலைச் சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கிவிடும்; செக்கில் நீங்காது, அடுப்புச் சூட்டிலும் எளிதில் அழியாது. செக்குக்காரரிடம் ஆட்டப்போகும் பருப்பை ஒரு கை அள்ளிக் காட்டச் சொல்லுங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூச்சு படிந்தது பொறுக்கப்படாமல் கிடந்தால் அங்கே வாங்காதீர்கள். வாங்கிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துக்கொள்ளுங்கள். அடியில் தங்கும் மண்டியில்தான் அந்த நச்சு அதிகம் ஒட்டியிருக்கும். கல்லில் முதலில் கருகுவதும், நுரை கட்டுவதும் அந்த மண்டிதான்.

கடற்கரை ஊரில் காற்றிலேயே ஈரம். செக்கு எண்ணெயை அரை லிட்டராக வாங்கி, இருண்ட நிறப் பாட்டிலில், அடுப்பு மேடையிலிருந்து தள்ளி வையுங்கள். மூடியைத் திறந்ததும் காறல் வாடை அடித்தால் அது சமையலுக்கு ஆகாது, விளக்குக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.